“அளவுகோல் நம்பகமானது, ஏற்புடையது” என்று எழுதுமுன்: வினாக்கொத்து ஒன்றின் நம்பகத்தன்மையையும் ஏற்புடைமையையும் காட்டும் வழி

உளவியல் இறுதியாண்டு ஆய்வேடுகளின் வரைவுகளை வாசிக்கும்போது, முறையியல் பகுதியில் ஒரு வரி திரும்பத் திரும்பக் கண்ணில் படும்: “ரோசன்பேர்க் சுயமதிப்பு அளவுகோல் நம்பகமானதும் ஏற்புடையதும் ஆகும் (α = 0.92).” திருகோணமலை நகரிலும் கிண்ணியாவிலும் மூதூரிலும் உயர்தர மாணவரிடம் தகவல் திரட்டிய ஒரு மாணவியின் வரைவிலும் இதே வரிதான் இருந்தது. அந்த வரியில் எது பிழை, அதன் இடத்தில் எதை எழுதலாம், அதை எழுதும் உரிமையைப் பெற என்னென்ன செய்திருக்க வேண்டும் என்பதை அந்த ஆய்வின் வடிவத்தை வைத்தே சொல்கிறேன். அந்த மாணவியின் தரவு என்று கீழே வரும் எண்கள் கணக்கை விளக்க நான் அமைத்தவை. அவற்றை யாரும் ஆய்வு முடிவாக எடுத்தாள வேண்டாம்.

முதலில் அந்த 0.92. மொரிஸ் ரோசன்பேர்க் 1965இல் வெளியிட்ட இந்த 10 கூற்று அளவுகோல், நியூயோர்க் மாநிலத்தின் 10 பாடசாலைகளைச் சேர்ந்த சுமார் 5,000 மாணவரை வைத்து உருவானது. அவர் அதைக் குட்மன் வகை அளவுகோலாக, அதாவது கடினமான கூற்றுக்கு உடன்படுபவர் அதனிலும் எளிய கூற்றுகளுக்கும் உடன்படுவார் என்ற படிவரிசையில் அமைத்தார். 0.92 என்று சுற்றி வருவது, விடைகள் அந்தப் படிவரிசையோடு எவ்வளவு பொருந்தின என்று சொல்லும் மீளாக்கக் குணகம். கூற்றுகளுக்கான விடைகள் தங்களுக்குள் எவ்வளவு ஒத்திசைகின்றன என்று காட்ட, குரொன்பாக் 1951இல் விளக்கிய அல்பா (α) அது அல்ல. ஒருவர் பெயரை மாற்றி எழுதிவிட, பின்னால் வந்தவர்கள் பார்த்து எழுதிக்கொண்டே போகிறார்கள்.

அது உண்மையிலேயே அல்பாவாக இருந்திருந்தாலும் அந்த வரி நிற்காது. நம்பகத்தன்மை காகிதத்தில் அச்சான வினாக்கொத்தோடு ஒட்டிக்கொண்டு வருவதில்லை. குறித்த ஆட்கள் குறித்த மொழியில் குறித்த சூழலில் கொடுத்த விடைகளிலிருந்து வந்த புள்ளிகளுக்குத்தான் அது உரியது. நியூயோர்க் மாணவர் ஆங்கிலத்தில் கொடுத்த விடைகள் ஒத்திசைந்தன என்பதால், மூதூர் மாணவர் தமிழில் கொடுக்கும் விடைகளும் ஒத்திசையும் என்று சொல்ல வழியில்லை. ஏற்புடைமைக்கும் இது பொருந்தும். அமெரிக்காவின் கல்வி, உளவியல் சோதனைகளுக்கான பொதுத் தராதரங்களின் 2014 பதிப்பு, ஏற்புடைமையைச் சோதனையின் குணமாகச் சொல்லவில்லை. ஒரு புள்ளிக்கு நாம் கொடுக்கும் பொருளுக்கும் அதை வைத்துச் செய்யும் காரியத்துக்கும் சான்று எவ்வளவு தூரம் துணை நிற்கிறது என்பதையே ஏற்புடைமை என்கிறது. சில பாடக்குறிப்புகளில் இதைத் ‘தகுதி’ என்றோ ‘வலிதுடைமை’ என்றோ பார்ப்பீர்கள். உங்கள் துறை பயன்படுத்தும் சொல்லை எடுத்து, கடைசிவரை அதையே எழுதுங்கள்.

இரண்டுக்கும் உள்ள வேறுபாடு புரிய இந்த அளவுகோலின் எட்டாம் கூற்றே போதும். “என்மீது எனக்கு இன்னும் கூடுதலான மரியாதை இருந்தால் நல்லது என்று விரும்புகிறேன்.” தன்னைத் தாழ்வாக நினைப்பவர்தான் இதற்கு உடன்படுவார் என்பது ரோசன்பேர்க்கின் எண்ணம். ஒரு மாணவர் இன்றும் இதற்கு ‘மிகவும் உடன்படுகிறேன்’ என்கிறார், இரண்டு கிழமை கழித்தும் அதையே சொல்கிறார் என்றால் விடை நிலையானது. ஆனால் ‘மரியாதை’ என்றதும் அவர் நினைத்தது மற்றவர்கள் தனக்குக் கொடுக்கும் மரியாதையை என்றால், நிலையாக அளக்கப்பட்டது வேறொரு பொருள். இந்தக் கூற்று நமக்கு மட்டும் தொல்லை தரவில்லை. ஷ்மிட், அல்லிக் இருவரும் 2005இல் வெளியிட்ட 53 நாட்டு ஒப்பீட்டிலும் மற்றக் கூற்றுகளோடு ஒட்டாமல் நின்றது இதுதான். இந்த வழிகாட்டி முழுவதும் அந்த எட்டாம் கூற்றைப் பின்தொடரப் போகிறோம்.

முதற்படி: எந்த வடிவம், எந்தத் தமிழ்

புதிதாக மொழிபெயர்க்கத் தொடங்குமுன் தமிழ் வடிவம் ஏற்கெனவே உண்டா என்று தேடுங்கள். கிடைத்தால் அது எங்கே, யாரிடம் பயன்பட்டது என்று பாருங்கள். தமிழ்நாட்டில் செய்த மொழிபெயர்ப்பில் ‘மதிப்பு’ என்று இருக்கும் இடத்தில் நம் மாணவருக்குப் ‘பெறுமதி’ சட்டென்று விளங்கும். அத்தகைய ஒரு சொல்லை மாற்றினாலும், எந்தச் சொல்லை ஏன் மாற்றினீர்கள் என்று முறையியலில் எழுதியாக வேண்டும்.

நீங்களே மொழிபெயர்ப்பதாயின் குறைந்தது இருவர் தனித்தனியே தமிழாக்கி, இரண்டையும் சேர்த்து ஒன்றாக்குங்கள். மூல வினாக்கொத்தைப் பார்த்திராத மூன்றாமவர் அந்தத் தமிழை ஆங்கிலத்துக்கு மீள மொழிபெயர்க்கட்டும். மீள்மொழிபெயர்ப்பு மூலத்தோடு பொருந்தினால் வேலை முடிந்தது என்று பலர் நிறுத்திவிடுகிறார்கள். எட்டாம் கூற்று இந்தச் சோதனையை எளிதில் தாண்டிவிடும், ஏனென்றால் ‘மரியாதை’ அழகாக ஆங்கிலச் சொல்லுக்கே திரும்பிப் போகும். சொல் திரும்பிப் போனதே தவிர, பதினேழு வயதுப் பிள்ளை அதை எப்படிப் புரிந்துகொள்கிறது என்பது இன்னும் தெரியாது.

இந்தப் படியில் கூற்றுகளின் வரிசையையும் குறித்துவையுங்கள். இந்த அளவுகோல் இரண்டு வரிசைகளில் புழங்குகிறது. ஒன்றில் எதிர்மறைக் கூற்றுகள் 2, 5, 6, 8, 9. மற்றதில் 3, 5, 8, 9, 10. ஒரு வரிசையில் வினாக்கொத்தை அச்சடித்து, மற்ற வரிசைக்குரிய புள்ளியிடும் குறிப்பை இணையத்திலிருந்து எடுத்தால் எல்லாக் கணக்கும் குழம்பும். கூற்றுகளை வாசித்து, எவை தன்னைத் தாழ்த்திப் பேசுகின்றன என்று நீங்களே அடையாளமிடுங்கள்.

இரண்டாம் படி: ஆறேழு பேரோடு உட்காருதல்

இளநிலை ஆய்வேடுகளில் அதிகம் கைவிடப்படுவது இந்தப் படிதான். காசு வேண்டாம், மென்பொருள் வேண்டாம், ஒரு பின்னேரம் போதும். இதற்குப் பிறகு செய்யும் எந்தக் கணக்கும் இதற்கு ஈடாகாது.

உங்கள் மாதிரியைப் போன்ற, ஆனால் முதன்மை ஆய்வில் சேராத ஆறிலிருந்து எட்டு மாணவரைத் தெரிவுசெய்யுங்கள். நகரத்திலிருந்து மட்டும் எடுக்காமல் கிண்ணியாவிலிருந்தும் மூதூரிலிருந்தும் எடுங்கள். ஒரே தமிழானாலும் வீட்டுப் பேச்சு ஒன்றல்ல. ஒவ்வொருவரையும் தனியே வைத்து, ஒரு கூற்றைச் சத்தமாக வாசிக்கச் சொல்லி, மனதில் ஓடுவதை அப்படியே சொல்லும்படி கேளுங்கள். பிறகு இரண்டு கேள்விகள்: “இதை உங்கட சொல்லில சொல்லுங்க பாப்பம்.” “ஏன் இந்தக் கட்டத்தில அடையாளம் போட்டீங்க?”

எட்டாம் கூற்றை வாசித்த ஒரு மாணவி, “அது நல்ல விருப்பம்தானே மிஸ், ஆரும் வேணாமெண்டு சொல்லுவாங்களா?” என்றாள். ஒரு மாணவன், “ஓம், வீட்டில என்னைச் சின்னப் பிள்ளை மாதிரித்தான் பாக்கினம்” என்றான். முதலாமவள் அதை முன்னேற விரும்பும் மனமாக வாசித்தாள். இரண்டாமவன் மற்றவர் தரும் மரியாதையாக வாசித்தான். இருவரும் ‘மிகவும் உடன்படுகிறேன்’ என்றே அடையாளமிட்டார்கள், இருவருக்கும் சுயமதிப்பில் புள்ளி குறையும். இந்த இரண்டு வாக்கியங்களும் சான்று. அந்தத் தராதர நூல் ஏற்புடைமைச் சான்றின் ஐந்து மூலங்களைச் சொல்கிறது: உள்ளடக்கம், விடையளிக்கும் செயல்முறை, அக அமைப்பு, பிற மாறிகளோடான தொடர்பு, பயன்பாட்டின் விளைவுகள். நீங்கள் இப்போது திரட்டியது இரண்டாவது.

இந்த உரையாடலில் இன்னொன்றும் தெரியவரும். தமிழில் மறுப்பு வாக்கியத்தின் கடைசியில் வருகிறது. “நான் பெருமைப்படும்படியாக என்னிடம் அதிகம் ஒன்றும் இல்லை” என்பதை அவசரமாக வாசிக்கும் பிள்ளை, ‘பெருமைப்படும்படியாக’ என்ற இடத்திலேயே முடிவெடுத்து ‘உடன்படுகிறேன்’ என்று போட்டுவிடும். விடைத் தெரிவில் ‘உடன்படவில்லை’ என்று இன்னொரு மறுப்பும் சேர்ந்தால் குழப்பம் இரட்டிக்கும். ‘இல்லை’யைத் தடித்த எழுத்தில் அச்சிடுவது சிறிய திருத்தம், ஆனால் உதவும்.

இங்கே கண்ட கோளாறைத் திருத்த இதுவே நேரம். எட்டாம் கூற்றை, “நான் என்னை மதிக்கும் அளவு போதாது என்று எனக்குப் படுகிறது” என மாற்றி அதே பிள்ளைகளிடம் மீண்டும் கேட்கலாம். நான் சொல்லிய மாணவி இந்தப் படியைத் தாண்டிப் போயிருந்தாள். மேலே உள்ள விடைகள், தரவெல்லாம் திரட்டிய பிறகு என்ன நடந்தது என்று அறிய நாங்கள் திரும்பிப் போய்க் கேட்டபோது வந்தவை.

மூன்றாம் படி: முன்னோடிச் சோதனையும் மறுசோதனையும்

அதிபரின் அனுமதி, வலயக் கல்வி அலுவலகத்தின் அனுமதி, 18 வயதுக்குக் குறைந்தோருக்குப் பெற்றோர் சம்மதம் எல்லாம் கிடைத்த பிறகு சுமார் 30 பேரிடம் முன்னோடிச் சோதனை செய்யலாம். எவ்வளவு நேரம் எடுத்தது, எந்தக் கூற்றை வெறுமையாக விட்டார்கள், எத்தனை பேர் ஒரே நிரலில் மேலிருந்து கீழ்வரை அடையாளமிட்டார்கள் என்பதே இங்கு முக்கியம். “என்னில் எனக்குத் திருப்தி உண்டு” என்பதற்கும் “நான் ஒன்றுக்கும் உதவாதவன்” என்பதற்கும் ஒருவரே ‘மிகவும் உடன்படுகிறேன்’ என்றால் அவர் வாசிக்கவில்லை, அல்லது விளங்கவில்லை.

அதே பிள்ளைகளிடம் இரண்டு கிழமை கழித்து மீண்டும் கொடுத்தால் காலத்தால் மாறாத்தன்மையைப் பார்க்கலாம். பெயர் கேட்காமல் இரு தாள்களையும் சேர்க்க ஒரு இரகசியக் குறி வேண்டும். தாயின் பெயரின் முதலெழுத்து, பிறந்த திகதியில் நாள், உடன்பிறந்தோர் எண்ணிக்கை ஆகிய மூன்றும் சேர்ந்தால் ஒரு வகுப்புக்குப் போதும். இரண்டு கிழமைக்குள் தவணைப் பரீட்சைப் புள்ளிகள் வெளிவந்தால் சுயமதிப்பே உண்மையில் மாறியிருக்கும். அதை அளவுகோலின் தலையில் கட்டக்கூடாது, எனவே நாளைப் பார்த்துத் தெரிவுசெய்யுங்கள்.

இரு தடவைப் புள்ளிகளுக்கும் இடையே சாதாரண இணைபுக் குணகத்தைக் கணிப்பது வழக்கம். ஆனால் எல்லாருடைய புள்ளியும் ஒரேயடியாக 3 கூடினாலும் அந்தக் குணகம் அசையாது. வரிசை மாறாததை மட்டும் அது பார்க்கும். புள்ளிகளே ஒத்துப்போகின்றனவா என்று கேட்பது உள்வகுப்பு இணைபுக் குணகம். எஸ்பிஎஸ்எஸ் மென்பொருளில் `Two-Way Mixed`, `Absolute Agreement` என்பவற்றைத் தெரிவுசெய்து, ஒற்றை அளவைக்கான `Single Measures` வரியை எடுங்கள். ஏனென்றால் முதன்மை ஆய்வில் ஒரு தடவைதான் அளக்கப் போகிறீர்கள். அதோடு நம்பிக்கை இடைவெளியையும் எழுதுங்கள். 28 பேரிடம் சாதாரண இணைபு 0.81 என்று வந்தால், அதன் 95% இடைவெளி ஏறத்தாழ 0.63 இலிருந்து 0.91 வரை விரியும். 30 பேருக்குள் அடங்கிய மறுசோதனை அவ்வளவுதான் சொல்லும்.

நான்காம் படி: அல்பாவைக் கையால் ஒருமுறை கணித்துப் பார்த்தல்

முதன்மைத் தரவு வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம்: 124 மாணவர், 10 கூற்று, ஒவ்வொன்றும் 1 (அறவே உடன்படவில்லை) முதல் 4 (மிகவும் உடன்படுகிறேன்) வரை. மென்பொருளுக்குள் போகுமுன் அல்பா எதை அளக்கிறது என்பதை ஒருமுறை கையால் உணர்ந்துகொள்ளுங்கள்.

```
α = k/(k − 1) × (1 − Σs²ᵢ / s²ₜ)
```

`k` கூற்றுகளின் எண்ணிக்கை. `Σs²ᵢ` ஒவ்வொரு கூற்றின் மாறற்றிறன்களையும் கூட்டியது. `s²ₜ` கூட்டுப்புள்ளியின் மாறற்றிறன். கூற்றுகளுக்குள் எந்த உறவும் இல்லாவிட்டால் பின்னிரண்டும் சமமாகி அல்பா பூச்சியமாகும். கூற்றுகள் சேர்ந்து ஏறி, சேர்ந்து இறங்கினால் கூட்டுப்புள்ளி அதிகம் சிதறும், அல்பா உயரும்.

மாணவியின் முதற்கணக்கில் கூற்று மாறற்றிறன்களின் கூட்டு 6.2, கூட்டுப்புள்ளியின் மாறற்றிறன் 5.0. ஆகவே 10/9 × (1 − 6.2/5.0) = −0.27. அல்பா மறையெண்ணாக வந்துவிட்டது. அவள் பயந்துபோய்த் தரவு முழுவதையும் குப்பை என்று நினைத்தாள். உண்மையில் மறையெண் அல்பா மிகவும் உதவியான ஓர் எச்சரிக்கை. அது வந்தால் முதலில் எதிர்மறைக் கூற்றுகளைத் திருப்பினீர்களா என்று பாருங்கள். அவள் திருப்பவில்லை.

திருப்புவது என்றால் 5இலிருந்து விடையைக் கழிப்பது: 4 என்பது 1 ஆகும், 3 என்பது 2 ஆகும். கவனியுங்கள், இதனால் எந்தத் தனிக்கூற்றின் மாறற்றிறனும் மாறாது, 6.2 அப்படியே நிற்கும். ஆனால் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டிருந்த கூற்றுகள் இப்போது ஒரே பக்கம் இழுக்கும், கூட்டுப்புள்ளியின் மாறற்றிறன் 18.4 ஆகிறது. 10/9 × (1 − 6.2/18.4) = 0.74.

எஸ்பிஎஸ்எஸ் பாவிப்பவர்களுக்கு, 2, 5, 6, 8, 9 எதிர்மறையாக உள்ள வரிசைக்கான கட்டளை:

```
RECODE q2 q5 q6 q8 q9 (1=4) (2=3) (3=2) (4=1)
  INTO q2r q5r q6r q8r q9r.
EXECUTE.
RELIABILITY
  /VARIABLES=q1 q2r q3 q4 q5r q6r q7 q8r q9r q10
  /SCALE('RSES') ALL
  /MODEL=ALPHA
  /STATISTICS=DESCRIPTIVE SCALE
  /SUMMARY=TOTAL.
```

பழைய நிரலை அழிக்காமல் புதிய பெயரில் சேமிப்பது முக்கியம். அதே நிரலில் திருப்பினால், கட்டளையைத் தவறுதலாக இரண்டாம் முறை ஓட்டியதும் எல்லாம் பழைய நிலைக்கே போய்விடும், உங்களுக்குத் தெரியவும் வராது. காசு கொடுத்து மென்பொருள் வாங்க முடியாதவர்கள் இலவசமான ஜமோவியில் `Reliability Analysis` போய், எதிர்மறைக் கூற்றுகளை `Reverse Scaled Items` பெட்டிக்குள் இழுத்துவிடலாம். அங்கே மக்டொனல்டின் ஒமேகாவையும் ஒரே சொடுக்கில் பெறலாம். எல்லாக் கூற்றும் பொதுப்பண்போடு சம அளவில் இணைந்திருப்பதாக அல்பா எடுத்துக்கொள்கிறது, ஒமேகாவுக்கு அந்த நிபந்தனை இல்லை. இரண்டையும் எழுதுவது நல்லது.

எட்டாம் கூற்றை என்ன செய்வது

வெளியீட்டில் நான் முதலில் பார்ப்பது மேலே இருக்கும் ஒற்றை அல்பாவை அல்ல, கீழே வரும் அட்டவணையின் `Corrected Item-Total Correlation` நிரலை. ஒவ்வொரு கூற்றும் மற்ற ஒன்பதின் கூட்டோடு எவ்வளவு சேர்ந்து நகர்கிறது என்று அது சொல்லும். 0.30க்கு மேல் இருந்தால் பொதுவாகக் கவலையில்லை. மாணவியின் தரவில் ஒன்பது கூற்றுகள் அப்படி இருந்தன, எட்டாவது மட்டும் −0.05. திருப்பிய பின்னும் மறையெண்.

பக்கத்து நிரல், எட்டாவதை எடுத்துவிட்டால் அல்பா என்னவாகும் என்கிறது. அதன் மாறற்றிறன் 0.8. அது போனால் கூட்டு 5.4, ஒன்பதின் மொத்த மாறற்றிறன் ஏறத்தாழ 18.0. 9/8 × (1 − 5.4/18.0) = 0.79. கூற்று ஒன்று குறைந்தும் அல்பா கூடுகிறது.

“அப்ப எடுத்துவிடட்டா மிஸ்?” என்பதுதான் அடுத்த கேள்வி. அல்பாவைக் கூட்டுவதற்காக மட்டும் என்றால் வேண்டாம் என்பேன். 124 பேரின் தற்செயலான சிதறலைப் பின்தொடர்ந்து கூற்றுகளை வெட்டினால், அடுத்த மாதிரியில் அந்த உயர்வு கரைந்துபோகும். அத்தோடு 9 கூற்றின் புள்ளியை மற்ற ஆய்வுகளின் 10 கூற்றுப் புள்ளியோடு நேராக ஒப்பிடவும் முடியாது. ஆனால் இங்கே எண்ணுக்கு அப்பாலும் காரணம் உண்டு. பிள்ளைகள் அதை வேறு பொருளில் வாசித்தார்கள் என்று அவர்கள் வாயாலேயே கேட்டோம், பிற நாடுகளிலும் இதே கூற்றுத்தான் தடக்கியது என்றும் தெரியும். இந்த மூன்றும் சேரும்போது 9 கூற்று வடிவத்தை முதன்மையாக எடுத்து, 10 கூற்றிலும் அதே பகுப்பாய்வைச் செய்து, முடிவு மாறுகிறதா இல்லையா என்று பக்கத்தில் எழுதுவது நேர்மையான வழி. தரவைப் பார்த்த பிறகு எடுத்த முடிவு என்பதையும் மறைக்கக்கூடாது.

0.74 போதுமா என்று எல்லாரும் கேட்பார்கள், 0.70 என்ற வரம்பைச் சொல்வார்கள். அது நனலி 1978இல் ஆரம்பநிலை ஆய்வுகளுக்குச் சொன்னது. தனி ஆளைப் பற்றி முடிவெடுப்பதாயின் 0.90 கூட அவருக்குக் கீழெல்லைதான். ஏன் என்று பார்க்க அல்பாவைப் புள்ளிக்கு மாற்றுங்கள். கூட்டுப்புள்ளியின் நியம விலகல் √18.4 = 4.29. அளவீட்டின் நியம வழு 4.29 × √(1 − 0.74) ≈ 2.2. ஒரு பிள்ளை 25 எடுத்தால் அதன் உண்மைப் புள்ளி ஏறத்தாழ 21இலிருந்து 29 வரை எங்கும் இருக்கலாம். இரண்டு பாடசாலைகளின் சராசரியை ஒப்பிட இது தாங்கும். “25க்குக் கீழே உள்ள பிள்ளைகளை ஆலோசகரிடம் அனுப்புகிறோம்” என்று ஆசிரியர் இந்த வினாக்கொத்தைக் கேட்டால் கொடுக்காதீர்கள்.

ஐந்தாம் படி: அளந்தது சுயமதிப்பா

உயர்ந்த அல்பா, கூற்றுகள் ஒரே பண்பை அளக்கின்றன என்பதற்குச் சான்றாகாது. இரு வேறு பண்புகளின் கூற்றுகள் தங்களுக்குள் ஓரளவு உறவுடையனவாக இருந்தாலும் அல்பா நல்லாகவே வரும். இந்த அளவுகோலில் அது வெறும் கற்பனையல்ல. நேர்மறைக் கூற்றுகள் ஐந்தும் ஒரு பக்கமும் எதிர்மறைக் கூற்றுகள் ஐந்தும் மறுபக்கமுமாகப் பிரிவதைப் பல நாட்டு ஆய்வுகள் கண்டிருக்கின்றன. அது சுயமதிப்பில் இரண்டு வகை உண்டு என்பதாலா, கூற்றை எழுதிய விதத்தாலா என்ற விவாதத்தில், எழுதிய விதமே பெரும்பங்கு என்ற பக்கம் நான் சாய்கிறேன். மேலே சொன்ன ‘இல்லை’ சிக்கலைப் பார்த்தவர்களுக்கு இது வியப்பாக இராது. 124 பேரை வைத்து உறுதிப்படுத்தும் காரணிப் பகுப்பாய்வில் பெரிய முடிவுக்குப் போகாமல், காரணிகள் எப்படிப் பிரிந்தன என்பதை விவரித்து நிறுத்துங்கள்.

பிற மாறிகளோடான தொடர்பில் ஒரு விதி இருக்கிறது: எதிர்பார்ப்பைத் தரவு திரட்டுமுன் எழுதிவையுங்கள். “சுயமதிப்பு பரீட்சைப் பதற்றத்தோடு மிதமான எதிர்த்தொடர்பு காட்டும், சுமார் −0.30 முதல் −0.50 வரை. குடும்ப அங்கத்தவர் எண்ணிக்கையோடு தொடர்பு காட்டாது.” இப்படி எழுதிய பிறகு −0.34, 0.06 என்று வந்தால் அவை சான்று. குரொன்பாக், மீல் இருவரும் 1955இல் சொன்ன எண்ணத்தின் சாரம் இதுவே: பண்பைப் பற்றிய கோட்பாடு சில உறவுகளை எதிர்பார்க்கச் சொல்கிறது, அளவுகோல் அவற்றைக் காட்டுகிறதா என்று சோதிக்கிறோம். தரவை முதலில் பார்த்துவிட்டுக் கிடைத்த உறவுக்கெல்லாம் ‘ஏற்புடைமை’ என்று பெயர் வைப்பது அந்தச் சோதனை ஆகாது.

பரீட்சைப் பதற்றத்தோடு −0.85 வந்தால் மகிழாதீர்கள். இரண்டு வினாக்கொத்தும் ஒரே மனநிலையை அளக்கின்றன, அல்லது ஒரே மேசையில் ஒரே வேகத்தில் ஒரே மாதிரி அடையாளமிட்டதை அளக்கின்றன என்று பொருள்.

“நிபுணர்கள் பார்த்துச் சரி என்றார்கள்” என்பது உள்ளடக்கச் சான்றாக வேண்டுமானால், எத்தனை பேர், எந்தத் துறையினர், எந்தக் கேள்விக்கு என்ன தரம் கொடுத்தார்கள் என்று எழுத வேண்டும். மேற்பார்வையாளர் தலையசைத்தது போதாது.

முறையியலில் எழுதுவது

இத்தனை வேலையும் கடைசியில் ஒரே பத்தியாகத்தான் வரும். அந்த மாணவியின் திருத்திய பத்தி இந்த வடிவில் அமைந்தது:

> சுயமதிப்பு, ரோசன்பேர்க் (1965) சுயமதிப்பு அளவுகோலின் தமிழ் வடிவத்தால் அளக்கப்பட்டது. அது 10 கூற்றுகளையும் நான்குநிலை விடைத் தெரிவையும் (1 = அறவே உடன்படவில்லை, 4 = மிகவும் உடன்படுகிறேன்) கொண்டது. கூற்றுகள் 2, 5, 6, 8, 9 திருப்பிப் புள்ளியிடப்பட்டன. உயர் புள்ளி உயர் சுயமதிப்பைக் குறிக்கும். இருவர் தனித்தனியே மொழிபெயர்த்து இணைத்த வடிவம் மூன்றாமவரால் மீள மொழிபெயர்த்துச் சரிபார்க்கப்பட்டது. தற்போதைய மாதிரியில் (n = 124) 10 கூற்றுகளுக்கான அல்பா 0.74. கூற்று 8 மற்றக் கூற்றுகளோடு இணையவில்லை (திருத்திய இணைபு −0.05). தரவு திரட்டிய பின் நடத்திய நேர்காணல்களில், மாணவர் இக்கூற்றைத் தம்மைப் பற்றிய தாழ்மதிப்பாக அன்றிப் பிறர் தரும் மரியாதையாகவோ முன்னேறும் விருப்பமாகவோ விளங்கிக்கொண்டமை தெரிந்தது. எனவே முதன்மைப் பகுப்பாய்வில் 9 கூற்றுகளின் கூட்டு (வீச்சு 9–36, α = 0.79) பயன்படுத்தப்பட்டது. 10 கூற்றுகளைக் கொண்ட பகுப்பாய்வும் பின்னிணைப்பில் தரப்படுகிறது. முன்கூட்டி எதிர்பார்த்தவாறு, புள்ளிகள் பரீட்சைப் பதற்றத்தோடு மிதமான எதிர்த்தொடர்பு காட்டின (r = −0.34).

இதில் ‘நம்பகமானது’, ‘ஏற்புடையது’ என்ற சொற்கள் ஓரிடத்திலும் இல்லை என்பதைப் பாருங்கள். என்ன செய்தோம், என்ன கிடைத்தது என்பது மட்டுமே இருக்கிறது, தீர்ப்பு வாசகருடையது. அவள் முன்னோடிச் சோதனையும் மறுசோதனையும் செய்யவில்லை. ஆகவே அவை பத்தியிலும் இல்லை. மறுசோதனை இல்லாததைக் குறைபாடுகள் பகுதியில் ஒரு வரியாக எழுதினாள்: புள்ளிகள் காலத்தால் மாறாதிருக்கும் தன்மை பற்றி இந்த ஆய்விலிருந்து எதுவும் சொல்ல முடியாது.

பின்னிணைப்பில் 10 கூற்றுகளையும் பிள்ளைகள் வாசித்த அதே தமிழில், அதே வரிசையில் போடுங்கள். எட்டாவதைத் திருத்தி எழுதியிருந்தால் பழையதையும் புதியதையும் அடுத்தடுத்துப் போடுங்கள். அடுத்த வருடம் மூதூரில் இதே அளவுகோலை எடுக்கப்போகும் ஒருவர் முதலில் தேடுவது அந்தப் பக்கத்தைத்தான்.